மருத்துவமனைக்குத் தினமும் காய்கறி கொடுக்க என்னென்ன ஆவணங்கள் தேவை?

கேள்வி: "ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கரில் கத்தரி, வெண்டை, தக்காளி, சின்ன வெங்காயம் போடுகிறோம். இதுவரை மண்டிக்குத்தான் போகிறது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் சமையலறைக்குத் தினமும் 60 கிலோ காய்கறி வேண்டும் என்கிறார்கள். ஆனால் 'வெண்டார் அப்ரூவல்' முடிந்தால்தான் காய் இறக்க முடியும் என்று நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். ஜி.எஸ்.டி. எண், உணவுப் பாதுகாப்பு எண், பான் எண் என்று ஏதேதோ கேட்டிருக்கிறது. நிலம் அப்பா பெயரில் உள்ளது. சிறு விவசாயிக்கு இதெல்லாம் தேவையா? எங்கிருந்து தொடங்குவது?"

*– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.*

பதில்: படிவத்தில் கேட்டிருப்பவற்றில் சில கட்டாயம் வேண்டும். சிலவற்றுக்கு 'எனக்குப் பொருந்தாது' என்று எழுதிக் கொடுத்தாலே போதும். எது எந்த வகை என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: மருத்துவமனைக்குப் போகும் காய் முழுவதும் சொந்த நிலத்தில் விளைந்ததா, அல்லது வெளியிலும் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், படிவத்தின் பாதி தானாக நிரம்பிவிடும். ஆனால் அதற்கும் முன்பாக இன்னொன்றை விசாரிக்க வேண்டும்.

வாங்குபவர் யார்?

பல மருத்துவமனைகளில் சமையலறையை நிர்வாகமே நடத்துவதில்லை. வெளி கேட்டரிங் ஒப்பந்தக்காரரிடம் விட்டிருப்பார்கள். பெயர்ப்பலகையில் மருத்துவமனையின் பெயர் இருக்கும். காய்கறிக்குப் பணம் கொடுப்பவர் ஒப்பந்தக்காரராக இருப்பார். அவருடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்றால், விவசாயிக்கு வர வேண்டிய பாக்கிக்கு மருத்துவமனை பொறுப்பேற்காது.

எனவே படிவத்தின் தலைப்பில் யார் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது, கொள்முதல் ஆணை யார் பெயரில் வரும், பில்லை யார் பெயருக்குப் போட வேண்டும் என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். மூன்றும் ஒரே பெயராக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்தான் வாங்குகிறார் என்றால் அதில் தவறொன்றும் இல்லை. அவருடைய ஒப்பந்தம் எந்தத் தேதி வரை என்று தெரிந்துகொண்டு, பாக்கி அதிகம் சேராதபடி 15 நாளுக்கு ஒருமுறை பணம் கேட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

விவசாயியா, வியாபாரியா?

மருத்துவமனைச் சமையலறைக்குக் கத்தரியும் வெண்டையும் மட்டும் போதாது. கேரட், பீன்ஸ், உருளை, முட்டைக்கோஸ், பெரிய வெங்காயம் எல்லாம் சேர்த்து ஒரே ஆளிடம் வாங்கத்தான் கொள்முதல் பிரிவு விரும்பும். இந்த வாசகர் 60 கிலோவில் 35 கிலோவைச் சொந்தத் தோட்டத்திலிருந்தும், 25 கிலோவை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாங்கியும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 35 கிலோவுக்கு அவர் விவசாயி. 25 கிலோவுக்கு அவர் வியாபாரி.

இந்த வேறுபாடு சட்டத்திலேயே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, விவசாயிக்கும் அவர் பண்ணை அளவில் விளைவித்த பொருளுக்கும் பொருந்தாது என்று அதன் 18-வது பிரிவு சொல்கிறது. அதே வெண்டைக்காய் வேறொருவர் கைக்கு மாறி விற்பனைக்கு வரும்போது, சட்டத்தின் கண்ணில் அது 'உணவு' ஆகிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பத்துக் கிலோ வாங்கிச் சேர்த்தாலும் இதே கதைதான்.

சொந்த விளைச்சல் என்பதற்கு ஆதாரம் கேட்டால் பட்டா, சிட்டா நகலும், நடப்புப் பருவத்துக்கான அடங்கலும் போதும். பட்டா, சிட்டாவை eservices.tn.gov.in தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். அடங்கலில் என்ன பயிர் நிற்கிறது என்பதும் இருப்பதால், கொள்முதல் பிரிவுக்கு அதுதான் பட்டாவைவிடப் பயன்படும். நெல் போட்டிருப்பதாக அடங்கல் சொல்லிக்கொண்டிருக்கும்போது கத்தரி கொடுப்பதாகப் படிவத்தில் எழுதினால் கேள்வி வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் பயிரைப் பதிவு செய்த பிறகே நகல் வாங்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு

'விவசாயிக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது, பிறகு ஏன் பதிவு கேட்கிறார்கள்?' என்று கொள்முதல் மேலாளரிடம் வாதாடிப் பயனில்லை. அவருடைய சமையலறைக்கு உரிமம் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். உரிமம் அல்லது பதிவு உள்ளவர்களிடமே வாங்க வேண்டும், வாங்கியதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்பதே அது. தணிக்கைக்கு வருபவர் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். அதில் எண் இல்லாத ஒரு பெயர் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர்.

மேலும், 25 கிலோ வெளியில் வாங்கிக் கொடுக்கும் இந்த வாசகருக்குப் பதிவு சட்டப்படியே தேவை. ஆகவே எடுத்துவிடுவதுதான் சரி. 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் வைத்த வரம்பின்படி, ஆண்டு வியாபாரம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு போதும், அதற்கு மேல் போனால் உரிமம் என்று இருந்தது. தினமும் 60 கிலோ, சராசரி விலை கிலோ 30 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். 365 நாளைக்கு 6,57,000 ரூபாய். பதிவே போதும். பதிவுக்கு அந்த விதிமுறைகள் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ளதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

foscos.fssai.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, தொழில் நடக்கும் இடத்துக்கான முகவரிச் சான்று ஆகியவை போதும். இங்கே 'தொழில் நடக்கும் இடம்' என்பது காயைத் தரம் பிரித்து, எடை போட்டு, டிரேயில் அடுக்கும் இடம். அது வீட்டு முன்புறத் தாழ்வாரமாகவும் இருக்கலாம், தோட்டத்துக் கொட்டகையாகவும் இருக்கலாம். ஆனால் எந்த முகவரியைக் கொடுக்கிறோமோ அங்கேதான் ஆய்வுக்கு வருவார்கள். விண்ணப்பம் கிடைத்த 7 நாளுக்குள் பதிவு கொடுக்கலாம், மறுக்கலாம் அல்லது ஆய்வுக்கு உத்தரவிடலாம் என்பது விதி. எந்தத் தொழில் வகையைத் தேர்வு செய்வது என்று சந்தேகம் வந்தால், ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுவிட்டு நிரப்புவது நல்லது. வகை தவறாக இருந்தால் பதிவு கிடைத்தும் மருத்துவமனை ஏற்காமல் போகலாம்.

பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் ஒன்று வரும். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவுப் பொருள் பில்லில் இந்த எண்ணைக் குறிப்பிடுவது கட்டாயம். பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் எண் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு முறை அச்சடிக்க நேரும்.

ஜி.எஸ்.டி. எண் கட்டாயமா?

இந்த வாசகருக்குக் கட்டாயம் இல்லை. பதப்படுத்தாத புதிய காய்கறிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி விலக்குப் பெற்ற பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. சொந்த நிலத்தில் தானோ, குடும்பத்தாரோ, தன் மேற்பார்வையில் கூலியாட்களோ உழைத்து விளைவித்ததை விற்கும் விவசாயிக்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு. ஆகவே 35 கிலோவுக்கும் தேவையில்லை, 25 கிலோவுக்கும் தேவையில்லை.

ஆனால் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடக் கூடாது. வெறுமையான கட்டம் இருந்தால் கணக்குப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். 'பொருந்தாது – உறுதிமொழி இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, வெள்ளைத் தாளில் இப்படி ஒரு கடிதம் வைத்தால் போதும்:

*"நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். தங்கள் நிறுவனத்துக்குப் பதப்படுத்தாத புதிய காய்கறிகளை மட்டும் வழங்க உள்ளேன். இவை வரி விலக்குப் பெற்ற பொருள்கள் என்பதால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 23-வது பிரிவின்படி நான் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யவும் இல்லை. வருங்காலத்தில் பதிவு பெற்றால் உடனே தெரிவிப்பேன்."*

கீழே பெயர், பான் எண், தேதி, கையெழுத்து. கணக்குப் பிரிவு ஆங்கிலத்தில் கேட்டால், இதையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுக்கலாம்.

இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. காய்கறி ஒழுங்காகப் போகிறதென்று பார்த்து, 'அப்படியே மஞ்சள் தூளும் சமையல் எண்ணெயும் நீங்களே கொடுத்துவிடுங்கள்' என்று ஸ்டோர்காரர் கேட்பார். மஞ்சள் தூளுக்கும் எண்ணெய்க்கும் வரி உண்டு. அவற்றை ஒரு முறை விற்றாலே, 'வரி விலக்குப் பொருள் மட்டும்' என்ற நிலை போய்விடும். அதன் பிறகு வெளியில் வாங்கி விற்ற காய்கறியின் தொகையையும் சேர்த்தே ஜி.எஸ்.டி. வரம்பைக் கணக்கிட நேரும். ஏற்கெனவே கொடுத்த உறுதிமொழியும் பொய்யாகிவிடும். ஆடிட்டரிடம் கேட்காமல் புதிய பொருள் எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

பெயர்ப் பொருத்தம்

பெரும்பாலான கோப்புகள் மாதக்கணக்கில் நிற்பது உணவுப் பாதுகாப்பாலும் இல்லை, ஜி.எஸ்.டி.யாலும் இல்லை, பெயரால்தான். பட்டா அப்பா பெயரில், பான் அட்டை மகன் பெயரில், பாஸ்புக் மனைவி பெயரில் என்று இருக்கும். ஒவ்வொன்றும் உண்மைதான், ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கருக்கு மூன்று வேறு ஆட்கள் தெரிவார்கள்.

படிவம், பான், வங்கிக் கணக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, பில் ஆகிய ஐந்தும் ஒரே ஆளின் பெயரில் இருந்தே ஆக வேண்டும். நிலம் மட்டும் வேறு பெயரில் இருக்கலாம். இந்த வாசகர் தன் பெயரில் விண்ணப்பித்துவிட்டு, 'என் பெயரில் உள்ள இந்தச் சர்வே எண் நிலத்தில் என் மகன் பயிர் செய்து வருகிறார்; விளைபொருளை அவர் பெயரில் விற்க எனக்குச் சம்மதம்' என்று அப்பாவிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கி, பட்டா நகலோடு இணைத்தால் சரியாகிவிடும். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கும் குத்தகை ஒப்பந்தத்தின் நகல் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு சிக்கல் இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். பான் அட்டையில் அப்பாவின் முழுப் பெயரும் பின்னால் சேர்ந்திருக்கும். வங்கியில் இனிஷியலே இருக்காது. மருத்துவமனையின் கணினியில் பான் பெயரும் வங்கிப் பெயரும் ஒத்துவராவிட்டால், முதல் பணம் அனுப்பும்போது திரும்பிவிடும். அதனால் படிவம் கொடுப்பதற்கு முன்பே பான் அட்டையில் இருக்கிறபடி வங்கிக் கணக்கின் பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது. காசோலைப் புத்தகம் இருந்தால் ரத்து செய்த ஒரு காசோலையும், இல்லையென்றால் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் தெளிவாகத் தெரியும் பாஸ்புக் முதல் பக்க நகலும் வைக்க வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

இதுவரை சொன்னவற்றோடு, தராசுக்கான முத்திரைச் சான்றும் ஒன்று வேண்டும். மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் பரிசோதித்து முத்திரை பெற வேண்டும். மருத்துவமனைத் தராசில் தினமும் அரைக் கிலோ, ஒரு கிலோ குறைகிறது என்ற தகராறு வரும்போது பேசுவதற்கு இந்தச் சான்றுதான் ஆதாரம். எல்லாம் சேர்ந்தால் கோப்பு இப்படி இருக்கும்:

1. நிரப்பிய விற்பனையாளர் படிவம்
2. பான், ஆதார் நகல்கள்
3. ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் நகல்
4. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று
5. ஜி.எஸ்.டி. பொருந்தாது என்ற உறுதிமொழி
6. பட்டா, சிட்டா, அடங்கல். நிலம் வேறு பெயரில் என்றால் ஒப்புதல் கடிதம்
7. தராசு முத்திரைச் சான்று
8. பொருள் பட்டியலும் விலைப்புள்ளியும்

பூச்சிக்கொல்லி எச்சப் பரிசோதனை அறிக்கையைச் சில மருத்துவமனைகள் கேட்கும். கேட்டால், எந்தக் காய்க்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிய பிறகே மாதிரி அனுப்ப வேண்டும். பரிசோதனை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். அறிக்கை கேட்காத இடத்திலும், எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தோம், எத்தனை நாள் கழித்துப் பறித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். மருந்து டப்பாவிலோ அதனுடன் வரும் துண்டறிக்கையிலோ காத்திருப்புக் காலம் அச்சிட்டிருக்கும். கத்தரிக்கும் வெண்டைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு வருவதால் இந்தக் காலத்தை மீறுவது எளிது. தோட்டத்தைப் பார்க்க வரும் மருத்துவமனை ஆள் இந்த நோட்டைத்தான் கேட்பார். 'இயற்கை விளைச்சல்' என்று பில்லில் எழுத வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் எழுதினால் அதுவே வில்லங்கமாகும்.

மாதிரி வாரம்

கோப்பு சரியாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் மாதிரிக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். இந்த நாள்களில் காயின் அழகைவிட, ஏழு நாளும் ஒரே தரமாக, ஒரே நேரத்துக்கு வந்ததா என்றே பார்ப்பார்கள். காலை 6 மணிக்குக் காய் நறுக்கத் தொடங்கும் சமையலறைக்கு 7 மணிக்கு வரும் நல்ல காய் உதவாது. முதல் நாள் மட்டும் பொறுக்கி எடுத்த காயைக் கொடுத்துவிட்டால், அதுவே அளவுகோலாகி, மூன்றாம் நாளிலிருந்து கழிவு ஏறும். தொடர்ந்து கொடுக்க முடிந்த தரத்தையே முதல் நாளும் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் இரண்டு படி உள்ள டெலிவரி செலானில் காய்வாரியாக எடை எழுதி, ஸ்டோரில் கையெழுத்து வாங்க வேண்டும். கழிவு இருந்தால் அதே இடத்தில், அதே செலானில் எழுதச் சொல்லி, கழித்த காயைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். மாலையில் போன் செய்து 'நாலு கிலோ சொத்தை' என்று சொல்வதை ஏற்றுக்கொண்டால், அது வழக்கமாகிவிடும். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லாத கழிவு செல்லாது என்று கொள்முதல் ஆணையிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்.

விலையும் பாக்கியும்

மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்று கேட்பார்கள். கத்தரி, வெண்டைக்கு ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்படி ஒரு மாதத்தில் 25 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவரின் தோட்டத்தில் காய்ப்பு நின்றால், 100 கொடுத்து வாங்கி 25-க்குக் கொடுக்க வேண்டிவரும். கொடுக்க மறுத்தால், மருத்துவமனை வெளியில் வாங்கிவிட்டு வித்தியாசத்தை பில்லில் கழிக்கும். பல கொள்முதல் ஆணைகளில் இந்த நிபந்தனை பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் தேடிப் படிக்க வேண்டும். இதற்கு மாற்றாக, அந்தந்த நாள் உழவர் சந்தைப் பலகை விலை, அதோடு கிலோவுக்கு இவ்வளவு வண்டிக்கூலி என்று பேசலாம். பலகை விலையை இரு தரப்பும் சரிபார்த்துக்கொள்ள முடியும் என்பதால் சண்டை வராது.

கடைசியாக, கையெழுத்துக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

சொந்தக் காய் 35 கிலோ. மண்டியில் கமிஷன், வாடகை போகக் கிலோவுக்கு 20 ரூபாய் கையில் நிற்கிறது; மருத்துவமனையில் 30. கூடுதல் வரவு 350 ரூபாய். வெளியில் வாங்கும் 25 கிலோ, கிலோ 26-க்கு வாங்கி 30-க்குக் கொடுத்தால் 100 ரூபாய். ஆக 450. தினசரி வண்டிச் செலவு 250 போனால் மிச்சம் ஒரு நாளைக்கு 200 ரூபாய், மாதம் 6,000. இதில் தினமும் 3 கிலோ கழிவானால் 90 ரூபாய் போய்விடும். லாபத்தில் பாதிக்கு அருகில் கழிவிலேயே கரைகிறது. செலானில் கழிவை எழுதி வாங்குவது ஏன் முக்கியம் என்பது இதில் தெரியும்.

இனி பாக்கி. மாதக் கடைசியில் பில், பில் கொடுத்து 30 நாளில் பணம் என்பது மருத்துவமனைகளில் சாதாரணம். அப்படியென்றால் முதல் மாதப் பணம் வரும் நாளில் 60 நாள் காய் போயிருக்கும். 1,800 ரூபாய் வீதம் 1,08,000 ரூபாய் வெளியே நிற்கும். அதில் சொந்தக் காயைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியில் வாங்கும் 25 கிலோவுக்கு மார்க்கெட்டில் தினமும் 650 ரூபாய் ரொக்கம், வண்டிக்கு 250 என 900 ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். 60 நாளைக்கு 54,000 ரூபாய். மாதம் 6,000 மிச்சத்துக்காக 54,000-ஐ வட்டிக்கு வாங்கிப் போட்டால், மிச்சத்தில் ஒரு பங்கு வட்டிக்கே போகும்.

இதையே 15 நாளுக்கு ஒரு பில், பில் கொடுத்து 15 நாளில் பணம் என்று பேசி முடித்தால், கையிலிருந்து போட வேண்டியது 27,000 ரூபாயாகக் குறைகிறது. விலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதைவிடச் சிறு விவசாயிக்கு இந்தத் தவணைதான் பெரிது. கொள்முதல் பிரிவும் விலையைவிட இதில் எளிதாக இறங்கிவரும். அதுவும் முடியாது என்றால், முதல் மூன்று மாதம் சொந்தக் காய் 35 கிலோவை மட்டும் கொடுக்கிறேன் என்று தொடங்கலாம். அப்போது கையிலிருந்து போவது வண்டிச் செலவு மட்டுமே.

பள்ளிக்கும் இதே ஆவணங்கள்தானா?

தனியார் பள்ளி விடுதிக்குக் கோப்பு ஏறக்குறைய இதேதான். ஆனால் பள்ளிக்கு விடுமுறை உண்டு. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் விடுதி காலியாகும். மருத்துவமனையோ பொங்கலன்றும் காய் கேட்கும். எனவே பள்ளியிடம் ஆண்டு நாள்காட்டியை முதலிலேயே வாங்கி, ஏப்ரல் கடைசியில் காய்ப்பு உச்சத்துக்கு வராதபடி நடவை அமைத்துக்கொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் பெரிய கொள்முதலுக்குப் படிவம் நிரப்பி அனுமதி வாங்கும் இந்த வழி பொருந்தாது. அங்கே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன்படி ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள், அறிவிப்புகளை tntenders.gov.in தளத்தில் பார்க்கலாம். அதில் பிணைத்தொகை கட்ட வேண்டும், முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும் என்பதால், தனி விவசாயியைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகப் போவதே நடைமுறைக்கு ஏற்றது.

இந்த வாசகர் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: வாங்குபவர் யார் என்று விசாரிப்பது, வங்கிக் கணக்கின் பெயரைப் பான் அட்டையோடு ஒத்துப்போகச் செய்வது, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பிப்பது. அந்த எண் வருவதற்குள் அடங்கல், அப்பாவின் ஒப்புதல் கடிதம், தராசு முத்திரை மூன்றையும் தயார் செய்துவிடலாம். எண் வந்த பிறகு பில் புத்தகம் அச்சடித்து, கோப்பைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கொள்முதல் ஆணை கையில் வரும்வரை மண்டிக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டாம்.